பதில் போட வேண்டாம், அண்ணி

அப்பா போனது 2021 மே 26, புத்த பூர்ணிமை அன்று. அடுத்த வருடம் புத்த பூர்ணிமை மே 16ஆம் தேதியே வந்துவிட்டது. பன்னிரண்டு பௌர்ணமி கூடினால் ஏறக்குறைய 354 நாள்தான் தேறும். காலண்டர் வருடத்துக்கு எப்போதும் துண்டு விழும். என் போனில் 26 என்று குறித்து வைத்திருந்தேன். அம்மாவிடம் சொன்னபோது அவள் ஜன்னல் வழியே நிலாவைத்தான் பார்த்தாள்.

"பௌர்ணமியில போன மனுசன். பௌர்ணமியிலதான் படைக்கணும். உன் தேதி எல்லாம் ஆபீசுக்கு வெச்சுக்கோ."

படையல் 16ஆம் தேதி என்று முடிவாயிற்று. ஆனால் ஊருக்குத் தெரிந்த தேதி 26. அந்தப் பத்து நாள் வித்தியாசத்தில்தான் நான் ஒரு விஷயம் கற்றுக்கொண்டேன். துக்க வீட்டுக்கு என்ன எழுதி அனுப்பலாம், என்ன அனுப்பக்கூடாது என்பதைக் கோலார் தங்கவயலின் பழைய சுரங்கத் தொழிலாளிகள் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு நாலு வரி சேர்ந்தாற்போல் எழுத வராது.

முதலில் அந்த மே மாதத்தைச் சொல்லியாக வேண்டும். கர்நாடகத்தில் ஏப்ரல் கடைசியிலேயே ஊரடங்கு வந்துவிட்டது. இறுதிச் சடங்குக்கு ஐந்து பேருக்கு மேல் கூடக்கூடாது. தங்கவயலில் ஒரு சாவு என்றால் லைன் முழுக்க வாசலுக்கு வந்து நிற்கும். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள்; ஒரு வீட்டு அழுகை பத்து வீட்டுக்குக் கேட்கும். அப்படிப்பட்ட ஊரில் அப்பாவுக்குப் பின்னால் நடந்தது நாங்கள் ஐந்து பேர். மற்றவர்கள் ஜன்னலுக்குப் பின்னால் நின்றார்கள். துக்கம் விசாரிக்க வேண்டியவர்கள் எல்லாரும் போனுக்குள் வந்தார்கள்.

அன்று வந்த செய்திகளை நான் அழிக்கவில்லை. ஒரு மாதம் கழித்து உட்கார்ந்து படித்தேன். கூப்பிய கைகள், மெழுகுவர்த்திகள், "ஆழ்ந்த இரங்கல்", "ஆன்மா சாந்தியடையட்டும்." பெரும்பாலானவற்றில் அப்பாவின் பெயரே இல்லை. யார் செத்திருந்தாலும் பொருந்தியிருக்கும். அனுப்பியவர்கள்மேல் கோபம் வரவில்லை. அந்த மாதத்தில் அவர்கள் ஒவ்வொருவரும் எத்தனை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்களோ.

புண்ணைக் கிளறியவை வேறு வகை. "ஆக்சிஜன் கிடைக்கலையா?" என்று ஒருவர். "கடைசியா என்ன பேசினார்?" என்று ஒருவர். "பெங்களூருக்குக் கொண்டுபோயிருந்தா பொழைச்சிருப்பாரே" என்று இன்னொருவர். மூன்றும் அக்கறையில் கேட்டவைதான். ஆனால் ஒவ்வொன்றும் அம்மாவை அந்த ஆஸ்பத்திரி வராந்தாவுக்கே திரும்ப இழுத்துக்கொண்டு போயிற்று. சுரங்கத்துத் தூசி அப்பாவின் நெஞ்சில் ஏற்கெனவே குடியிருந்தது. தொற்று அதன்மேல் வந்து உட்கார்ந்தது. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். அதை ஒவ்வொருவருக்கும் மறுபடி மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

அந்த வருடத் தீபாவளி நவம்பர் 4. துக்க வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பலகாரம் பக்கத்து வீடுகளிலிருந்து வரும். வந்தது. அம்மா எல்லாவற்றையும் வாங்கி அடுக்கிவைத்தாள், சாப்பிடவில்லை. அவளைத் தொந்தரவு செய்தது பலகாரம் இல்லை, போன்.

அப்பாவின் போனை அவள் தினமும் சார்ஜ் போட்டு ஜன்னல் திட்டில் வைத்திருந்தாள். முந்தின நாள் ராத்திரியிலிருந்தே அது முனகத் தொடங்கியது. மத்தாப்பு படம், லட்சுமி படம், "உங்களுக்கும் உங்கள் குடும்பத்தாருக்கும்" என்று. மொத்தமாக அனுப்புகிற பட்டியலில் அவர் எண்ணும் கிடந்திருக்கிறது. எடுக்க யாருக்கும் ஞாபகமில்லை. இதற்கு நேர்மாறாக, எடுத்த ஒருவரும் இருந்தார். பழைய தொழிலாளர் குழு ஒன்றைச் சுத்தம் செய்கிறேன் என்று சரியாக அன்றைக்குப் பார்த்து அவர் அப்பாவின் எண்ணை நீக்கினார். நீக்கிவிட்டதாக ஒரு வரி திரையில் விழுந்தது. அம்மாவுக்கு அவ்வளவாக எழுத்துக்கூட்ட வராது. ஆனால் அந்த ஒரு வரியைக் கூட்டிப் படித்துவிட்டாள்.

தீபாவளிக்கு முந்தின ராத்திரி பத்து மணிக்கு எதிர்வீட்டு அக்காவின் குரல் ஒன்று வந்தது. மாதா கோயிலுக்குப் போகிறவர். தீபாவளி அவருக்குப் பண்டிகையே இல்லை. இருபது விநாடிகூட இருக்காது.

"அம்மா, காலையில அஞ்சு மணிக்கெல்லாம் லைன்ல பட்டாசு ஆரம்பிச்சுடும். போன வருசம் அய்யாதான் முதல் சரம் வெச்சார், எனக்கு ஞாபகம் இருக்கு. நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருப்பேன். கதவு திறந்திருக்கும். வரணும்னு ஒண்ணும் இல்ல."

அம்மா போகவில்லை. ஆனால் அஞ்சு மணிக்கு வெளியே வெடித்தபோது எழுந்து உட்கார்ந்து, எதிர்க்கதவில் விளக்கு எரிகிறதா என்று பார்த்தாள். எரிந்தது. திரும்பப் படுத்துக்கொண்டாள்.

அந்த இருபது விநாடியை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். எந்த நேரம் குத்தும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதற்கு முந்தின ராத்திரியே சொல்லிவிட்டார். அய்யா செத்ததைச் சொல்லவில்லை, சரம் கொளுத்தியதைச் சொன்னார். எதையும் கேட்கவில்லை. வருவதையும் வராததையும் அம்மாவின் இஷ்டத்துக்கே விட்டார்.

பொங்கலுக்கு வேறொன்று நடந்தது. எங்கள் தாத்தா மாரிக்குப்பத்தில் பௌத்தச் சங்கத்தோடு புழங்கியவர். அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சென்னையில் தொடங்கிய சாக்கிய பௌத்தச் சங்கத்தின் கிளை இங்கே சுரங்கத் தொழிலாளிகளிடையே வேர்பிடித்திருந்தது. சங்கராந்தி என்பதைப் புத்தர் மறைந்த நாளின் நினைவாகப் பண்டிதர் விளக்கியதைத் தாத்தா எங்களுக்குச் சொல்வார். அந்த விளக்கம் எந்த அளவுக்குச் சரித்திரம் என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் சாவு விழுந்த வீட்டுக்கு அதில் ஒரு வழி இருந்தது. பண்டிகையே ஒருவரின் நினைவு நாள் என்றால், துக்க வீடு ஒதுங்கி உட்கார வேண்டியதில்லை. அம்மா அன்று புதுப்பானை வைக்கவில்லை. பழைய பானையில் அப்பாவுக்குப் பிடித்த அவரைக்கொட்டைக் குழம்பு வைத்தாள்.

அன்று சாயங்காலம் உறவினர் ஒருவர் கிசா கோதமி கதையை அம்மாவுக்கு அனுப்பினார். இறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் புத்தரிடம் வருகிறாள். சாவே விழாத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வா என்கிறார் அவர். அப்படி ஒரு வீடே இல்லை. கீழே ஒரு வரி: "இழப்பு எல்லோருக்கும் உண்டு, தைரியமாக இருங்கள்."

நான் படித்துக் காட்டினேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்:

"அவ வீடு வீடா ஏறி இறங்கினாடா. ஒவ்வொரு வீட்லயும் அவங்க செத்தவங்களப் பத்திச் சொல்லியிருப்பாங்க, இவளும் சொல்லியிருப்பா. அப்படித்தான் ஆறியிருக்கும். இவரு கடுகையே கவர்ல போட்டு அனுப்பிட்டாரே."

சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. எனக்கு இது தோன்றியதே இல்லை. எல்லாரும் ஒருநாள் சாகிறவர்கள்தான் என்று புத்தர் அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நடக்கவிட்டார். ஆறுதல் அந்த முடிவில் இல்லை, வாசல்படிகளில் இருந்திருக்கிறது. முடிவை மட்டும் பிய்த்து அனுப்பினால் அது புத்திமதி ஆகிவிடுகிறது.

அந்த ஒரு பேச்சிலிருந்துதான் வருஷப் படையலுக்கு என்ன செய்வது என்று எனக்குப் பிடி கிடைத்தது.

சுரங்கத்து ஆள்களின் வீடுகளில் ஒரு விநோதம் உண்டு. புருஷன் வேலை பார்த்த இடத்தை வீட்டில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். சங்கு ஊதும், போவார். சங்கு ஊதும், வருவார். நடுவில் அவர் இருந்த இடம் எங்கள் காலுக்கு நேர் கீழே. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் போனது. கீழே பாறை வெடித்துச் சிதறினால் மேலே எங்கள் அலமாரிப் பாத்திரங்கள் குலுங்கும். ஏர் பிளாஸ்ட் என்பார்கள். அந்தச் சத்தத்தில் அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவாள். கீழே என்ன நடந்தது என்று அப்பா வந்து சொன்னதே இல்லை. பாறை சரியாமல் மரம் முட்டுக்கொடுக்கிற வேலை அவருக்கு. "மரம் நட்டேன்" என்பார், முடிந்தது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். அதற்குப் பிறகு விடிகாலை ரயிலில் பெங்களூருக்குப் போய் ஒரு கட்டடத்துக்குக் காவல் இருந்தார். முப்பது வருடம் பூமிக்குள் அவர் எப்படி இருந்தார் என்பது அவரோடு வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

படையலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, எனக்கு எண் கிடைத்த பழைய ஆள்களுக்கெல்லாம் இப்படி ஒரு குரல் அனுப்பினேன்: "வணக்கம் மாமா. வர்ற மே 16 பௌர்ணமியன்னிக்கு அப்பாவுக்கு வருஷப் படையல். அம்மா பௌர்ணமியிலதான் வைக்கிறாங்க, 26ஆம் தேதி இல்ல. எங்களுக்கு அப்பாவை மேலே மட்டும்தான் தெரியும். கீழே அவர் எப்படி இருந்தார்னு ஒரு சின்ன விஷயம் ஞாபகம் இருந்தா, போன்ல பேசி அனுப்புங்க. இல்லன்னாலும் பரவாயில்ல."

பாதிப் பேர் அனுப்பவில்லை. அது எதிர்பார்த்ததுதான். சிலருக்கு அந்த இருட்டை மறுபடி நினைக்கவே பிடிக்காது. ஒருவர் மட்டும் "அதெல்லாம் வேணாம் தம்பி" என்றார். நான் மறுபடி கேட்கவில்லை. மீதிப் பேர் அனுப்பியதை முதலில் நானே தனியாகக் கேட்டேன். அம்மாவிடம் நேராகப் போட்டுவிடக்கூடாது என்று பயம். இரண்டை ஒதுக்கினேன். ஒன்றில் ஒரு விபத்தைப் பற்றி விரிவாக இருந்தது. இன்னொன்று நிர்வாகத்தைத் திட்டுவதிலேயே போயிற்று.

15ஆம் தேதி சாயங்காலம், படையலுக்கு முந்தின நாள், அம்மா வெற்றிலை துடைத்துக்கொண்டிருக்கும்போது முதல் குரலைப் போட்டேன். இப்போது மகளோடு ஓசூரில் இருக்கும் ஒருவர்.

"அண்ணி, நல்லா இருக்கீங்களான்னு கேக்கமாட்டேன். நாளைக்கு அண்ணன் நாளு. ஒண்ணு சொல்றேன். நான் புதுசா சேர்ந்தப்போ கேஜ்ல எறங்கறதே எனக்குப் பயம். காதடைச்சு, வயித்தைப் பொரட்டும். கீழ போயிச் சேர்ந்ததும் வாந்திதான். மொத நாளே அண்ணன் தன் டிபன்லேர்ந்து எலுமிச்சங்கா ஊறுகாயை எடுத்து என் நாக்குல தடவினார். மறுநாள்லேர்ந்து எனக்குன்னு தனியா ஒரு பொட்டலம் கொண்டாருவார். ரெண்டு வருசம் அண்ணி. அது உங்க கை ஊறுகாய். இத இத்தனை நாள் சொல்லாம விட்டுட்டேன். பதில் போட வேண்டாம், அண்ணி."

அம்மா வெற்றிலையைக் கீழே வைத்தாள். "அடப்பாவி" என்றாள். சிரித்தாள். அழவும் அழுதாள்.

"ஊறுகாய் ஜாடி ஏன்டா இப்படிக் காலியாவுதுன்னு நான் அந்தாளைத் திட்டாத நாளில்ல. வயித்துப் புண்ணு வரும்னு ஒருநாள் ஜாடியவே ஒளிச்சு வெச்சேன். ஒரு வார்த்தை சொல்லல பாரு."

நாற்பது வருடத்துக்கு முந்தின சண்டை ஒன்று அன்றைக்குத்தான் தீர்ந்தது. செத்தவர் அவளுக்குப் புதிதாக ஒன்று செய்ததுபோல் இருந்தது. அதன்பின் நான் கேட்காமலேயே, "இன்னொண்ணு போடு" என்றாள்.

இன்னொருவர் அப்பா மரத்தோடு பேசுவார் என்று சொல்லியிருந்தார். பாறை அழுத்தம் ஏறும்போது முட்டுக்கொடுத்த மரம் முனகும். அப்பா சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிக் காதை வைத்துக் கேட்பாராம். சத்தம் சரியில்லை என்றால் எல்லாரையும் பின்னால் நகரச் சொல்லிவிட்டுக் கடைசியாகத்தான் அவர் நகர்வாராம். வீட்டில் கதவைச் சாத்தும்போதுகூட நிலையை ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கிற பழக்கம் அவருக்கு உண்டு. நாங்கள் கிண்டல் செய்வோம். அது எங்கிருந்து வந்தது என்று அன்று தெரிந்தது.

அழவைப்பதெல்லாம் புண்ணைக் கிளறுவதாகாது என்றும் அன்றுதான் தெரிந்தது. இரண்டுக்கும் வித்தியாசத்தை அழுகைக்குப் பிறகு பார்க்க வேண்டும். "ஆக்சிஜன் கிடைக்கலையா" என்ற கேள்விக்குப் பிறகு அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். ஊறுகாய்க்குப் பிறகு அவள் எழுந்துபோய், மறுநாள் படையல் இலையில் வைக்க ஊறுகாய் எடுத்துவைத்தாள்.

26ஆம் தேதியும் வந்தது. பழைய தேதியைக் குறித்து வைத்திருந்தவர்கள் அன்று காலை அனுப்பினார்கள். எங்கள் வீட்டில் இலை எடுத்துப் பத்து நாளாகியிருந்தது. ஒரு நாளைக்கென்று சேர்த்துவைத்த தெம்பை அம்மா செலவழித்து முடித்திருந்தாள். மாலை போட்ட அப்பாவின் படத்தோடு, "கண்ணீருடன் முதலாம் ஆண்டு" என்று ஒருவர் விடிகாலை ஐந்தரைக்கு அனுப்பியிருந்தார். எழுந்ததும் முதலில் அவள் கண்ணில் பட்டது அதுதான்.

அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு முகம் சுட்டது. சில வருடத்துக்கு முன் என் சிநேகிதன் ஒருவன் இறந்த முதலாண்டுக்கு இதையேதான் நான் செய்தேன். அவன் மனைவிக்கு, மாலை போட்ட படம், அதிகாலையில். கூடவே ஒரு கேள்வி: "பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள், கேட்கிறார்களா?" நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை. அவள் மாறிவிட்டாள் என்று அன்று நினைத்தேன். அந்தக் கேள்விக்கு என்ன பதில் எழுதுவாள்? கேட்கிறார்கள் என்றா, கேட்பதை நிறுத்திவிட்டார்கள் என்றா?

அவளுக்கு மறுபடி எழுத எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. நினைவு நாளில் எழுதவில்லை. அவன் தங்கையிடம் முதலில் கேட்டேன்: அண்ணிக்கு எழுதலாமா, எந்த நாளைக் கடைப்பிடிக்கிறார்கள்? அவர்கள் நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் பூ வைக்கப் போவதோடு சரி என்றாள். நவம்பர் 1 சாயங்காலம் எழுதினேன்: "நாளை கல்லறைக்குப் போவீர்கள் என்று தெரியும். பத்தாம் வகுப்புப் பரீட்சையில் என் பேனா மை தீர்ந்தபோது அவன் தன் பேனாவைத் தூக்கிப் போட்டுவிட்டு, தான் பென்சிலில் எழுதினான். வாத்தியாரிடம் அடி வாங்கியது அவன். பிள்ளைகளுக்கு என்றாவது சொல்லுங்கள். பதில் வேண்டாம்."

பதில் வேண்டாம் என்று எழுதியதற்குத்தான் பதில் வந்தது. ஒரே வரி. மகன் பேனாவை இரவல் கொடுத்துத் தொலைத்துவிட்டு வந்தால் இனித் திட்டமாட்டேன் என்று.

முதல் வருடம் முடிந்ததும் செய்திகள் நின்றுவிடுகின்றன. ஊர் ஒரு கணக்கை முடித்துக்கொள்கிறது. இரண்டாம் வருடத் தீபாவளிக்கு வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைத்தோம். வழக்கப்படி துக்கம் தீர்ந்தது. அன்று காலை அப்பாவின் போன் முனகவே இல்லை. முந்தின வருடம் முனகியது எப்படிக் குத்தியதோ, அதே அளவுக்கு இந்த மௌனமும் குத்தியது. சாயங்காலம் ஓசூரிலிருந்து ஒரு குரல் வந்தது: "அண்ணி, இன்னிக்கு என் மக ஊறுகா போட்டா. உங்களுது மாதிரி இல்ல." அவ்வளவுதான்.

இப்போது அம்மாவே குரல் அனுப்புகிறாள். லைனில் யார் வீட்டிலாவது சாவு விழுந்தால், பதினாறாம் நாள் கழிந்து எல்லாரும் போன பிறகு, அந்த வீட்டில் பெரியவளைக் கூப்பிட்டு, வருஷம் தேதியிலா திதியிலா என்று கேட்டு வைத்துக்கொள்கிறாள். அடுப்பங்கரைக் காலண்டரில் அந்தத் தேதிக்கு முந்தின நாளைத்தான் பென்சிலால் வட்டம் போடுகிறாள்.